செட்டில்மென்ட் சீட்டில் 9,58,770, வங்கியில் 8,45,560: மீதி எங்கே போனது?

வாசகர் கடிதம்

ஐயா, அப்பா கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து 2025 மே 31 அன்று 58 வயதில் ஓய்வு பெற்றார். வேலைக்குச் சேர்ந்தது 2003 நவம்பர் 10. ஆகஸ்ட் 20 தேதியிட்டு மில்லில் கொடுத்த ஃபைனல் செட்டில்மென்ட் சீட்டில் மே சம்பளம் 22,900, விடுப்புச் சம்பளம் 18 நாளுக்கு 13,500, கிராஜுட்டி 2,36,250, பி.எஃப். 7,18,460 என்று வரவு போட்டிருக்கிறார்கள். பிடித்தம்: பி.எஃப். 2,340, திருவிழா முன்பணம் 6,000, மில் கடன் பாக்கி 24,000. நிகரம் 9,58,770. ஆனால் வங்கிக் கணக்கில் ஜூன் 13-ல் 28,060, ஆகஸ்ட் 4-ல் 6,05,250, ஆகஸ்ட் 25-ல் 2,12,250 என மூன்று வரவுதான். கூட்டினால் 8,45,560. மீதி 1,13,210 ரூபாயை மில்லில் எடுத்துக்கொண்டார்களா? டைம் ஆபீஸில் கேட்டால் "பி.எஃப். ஆபீஸில் போய்க் கேளுங்கள்" என்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா? "இத்தனை வருசம் சோறு போட்ட மில்லு, விடும்மா" என்கிறார் அப்பா. சீட்டு, பி.எஃப். பாஸ்புக், வங்கி ஸ்டேட்மென்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.

– ஒரு மகள், திருமங்கலம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். உங்களை உறுத்துகிற அந்த 1,13,210 ரூபாயை யாரும் எடுக்கவில்லை. அது சீட்டு எழுதியவரின் கூட்டல் பிழை. ஆனால் அதோடு திருப்தியாகித் தாள்களை மடித்து வைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு உண்மையிலேயே வரவேண்டிய பணம் ஒன்று பாக்கி இருக்கிறது. அது இந்த 1,13,210-க்குள் ஒரு ரூபாய்கூட இல்லை. சீட்டின் நிகரத்தையும் வங்கி வரவின் கூட்டையும் வைத்து எத்தனை முறை கழித்துப் பார்த்தாலும் அது கண்ணில் படாது, ஏனென்றால் குறைத்துப் போட்ட தொகை சீட்டிலும் குறைவாகவே இருக்கிறது, வங்கியிலும் குறைவாகவே வந்திருக்கிறது.

கொடுத்தவர் யார் என்று முதலில் பிரியுங்கள்

செட்டில்மென்ட் சீட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டி ஒரு நிகரத்தைக் காட்டுகிறது. பணம் அப்படி வருவதில்லை. சம்பளமும் விடுப்புச் சம்பளமும் மில்லின் நடப்புக் கணக்கிலிருந்து வரும். கிராஜுட்டிக்குப் பல மில்களில் தனி அறக்கட்டளைக் கணக்கு இருக்கும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் ஆகஸ்ட் 25 வரவுக்கு எதிரே மில் பெயரோடு டிரஸ்ட் என்றும் இருப்பது அதனால்தான். பி.எஃப். பணத்தை மில் தருவதே இல்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் நேரடியாக அப்பாவின் கணக்கில் போடுகிறது. மில் அந்தத் தொகையைச் சீட்டில் எழுதியது வெறும் தகவலுக்காக. அதை வரவோடு சேர்த்து நிகரம் எடுத்தது தவறு.

ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போட்டு, சீட்டின் ஒவ்வொரு வரியையும் அதைக் கொடுக்க வேண்டியவரின் கட்டத்தில் எழுதுங்கள். பிறகு வங்கி வரவை அந்தந்தக் கட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். வங்கி வரவில் தொகையைவிட அனுப்பியவர் பெயரும், அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாளமான யூடிஆர் எண்ணும் முக்கியம். பாஸ்புக் அச்சில் அவை பாதியில் வெட்டுப்படும். கிளையில் கேட்டு ஸ்டேட்மென்ட்டாக வாங்கினால் முழுதாக இருக்கும். நீங்கள் அப்படித்தான் வாங்கியிருக்கிறீர்கள், நல்லது.

முதல் கட்டம் மில். மே சம்பளம் 22,900, விடுப்புச் சம்பளம் 13,500, கூட்டினால் 36,400. இதில் பி.எஃப். 2,340, திருவிழா முன்பணம் 6,000 இரண்டும் போனால் 28,060. ஜூன் 13 வரவு அதேதான். விடுப்புச் சம்பளமும் சரி: அடிப்படைச் சம்பளம் 14,300, பஞ்சப்படி 5,200, சேர்த்து 19,500, அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 750, 18 நாளுக்கு 13,500. முன்பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதும் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி செல்லும். மொத்தப் பிடித்தம் பாதிச் சம்பளத்தைத் தாண்டவில்லை. இந்தக் கட்டத்தில் வங்கிக் கணக்கு நேர். ஆனால் அந்த 2,340 ரூபாயை ஓரமாக நினைவில் வையுங்கள், கடைசியில் அதற்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

7,18,460 எப்படி வந்தது

பி.எஃப். பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று பத்திகள் இருக்கும்: தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு. அப்பாவின் பாஸ்புக்கில் 2025 மார்ச் 31 நிலவரப்படி முதல் பத்தியில் 4,12,380, இரண்டாவதில் 1,69,880, மூன்றாவதில் 1,36,200 இருக்கிறது. மூன்றையும் கூட்டுங்கள்: 7,18,460. டைம் ஆபீஸில் செய்தது இதுதான்.

மூன்றாவது பத்தி கையில் வருகிற பணம் இல்லை. சம்பளத்தில் 12 சதவீதம் அப்பாவிடம் பிடிக்கிறார்கள், மில்லும் 12 சதவீதம் போடுகிறது. மில் போடுவதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். அதுவும் 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் கணக்கு, அதனால் மாதம் 1,250-க்கு மேல் போகாது. மிச்சம் மட்டுமே பி.எஃப். கணக்கில் நிறுவனப் பங்காக ஏறும். அப்பாவின் 19,500-க்கு மில்லின் 12 சதவீதம் 2,340. அதில் 1,250 ஓய்வூதியத்துக்கு, 1,090 பி.எஃப்.-க்கு. ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு சேவை முடித்தவர் அந்தப் பத்தியை மொத்தமாக எடுக்க முடியாது. அதற்குப் பதிலாக 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாத ஓய்வூதியம் வரும், அவருக்குப் பின் மனைவிக்கும் உண்டு. அந்த 1,36,200 போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் ஓய்வூதியம் அதில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்கிடப்படுவதும் இல்லை. சேவை ஆண்டுகளையும் கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளத்தையும் வைத்துத்தான்.

அப்பா ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பி.எஃப். எடுக்கக் கொடுத்தது படிவம் 19. ஓய்வூதியத்துக்குத் தனியாகப் படிவம் 10டி கொடுக்க வேண்டும், ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக வராது. பி.எஃப். பணம் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். விடுபட்டிருந்தால் உடனே கொடுங்கள். 58 முடிந்த மறுநாளிலிருந்து நிலுவையும் சேர்ந்து கிடைக்கும்.

ஆக மார்ச் 31-ல் எடுக்கக்கூடியது 4,12,380 உடன் 1,69,880, அதாவது 5,82,260 மட்டுமே. வங்கியில் வந்ததோ 6,05,250, அதைவிட 22,990 அதிகம். சீட்டு மார்ச்சோடு நின்றுவிட்டதால் பிறகு ஏறிய சந்தாவும் வட்டியும் அதில் இல்லை. 1,36,200-லிருந்து இந்த 22,990-ஐக் கழியுங்கள். நீங்கள் தேடிய 1,13,210 கிடைத்துவிடும். போலீஸ் புகார் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

கிராஜுட்டியில் ஒரு வருடம் காணோம்

இப்போது உண்மையான குறைக்கு வருவோம். அப்பா ஓய்வு பெற்ற நாளில் கிராஜுட்டிக்கு நடப்பில் இருந்தது 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அதில் சம்பளம் என்பதற்குப் புது வரையறை உண்டு என்பதால் "புதுச் சட்டப்படி கூடுதலாக வருமே" என்று யாராவது சொல்லக்கூடும். அப்பாவின் உரிமை மே 31-லேயே உருவாகிவிட்டது, அதனால் பழைய சட்டம்தான். அது போக, அவருடைய வீட்டு வாடகைப்படி 3,400 மட்டுமே. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால்தான் அந்தப் புது வரையறையால் வித்தியாசம் வரும்.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 19,500-க்கு ஓர் ஆண்டுக்கு 11,250 வருகிறது. சீட்டில் உள்ள 2,36,250-ஐ இதனால் வகுத்தால் 21. மில் 21 ஆண்டு என்று எடுத்திருக்கிறது. சட்டமோ, முடிந்த ஆண்டுகளுக்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதி இருந்தால் அதையும் ஒரு முழு ஆண்டாக எண்ணச் சொல்கிறது. 2003 நவம்பர் 10-ல் சேர்ந்தவருக்கு 2025 மே 9-ல் இருபத்தொரு ஆண்டு ஆறு மாதம் முடிகிறது. அதற்கு மேல் மே 31 வரை மூன்று வாரம் வேலை பார்த்திருக்கிறார். அந்த மூன்று வாரம் போதும், அது 22-ஆவது ஆண்டு. கிராஜுட்டி 2,47,500 வந்திருக்க வேண்டும். குறை 11,250.

மில்லில் இதற்கு இரண்டு பதில் சொல்லக்கூடும். "முழு ஆண்டுதான் கணக்கு" என்பது ஒன்று. அது சட்டத்துக்கு நேர்மாறு, ஒரு வரி எழுதிக் கொடுத்தாலே திருத்திவிடுவார்கள். "முதல் சில மாதம் பதிலியாக இருந்தார், நிரந்தரமானது பிறகுதான்" என்பது மற்றொன்று. இதற்குக் கையில் தாள் வேண்டும். வேலை நியமனக் கடிதம், பழைய இ.எஸ்.ஐ. அட்டை, அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பி.எஃப். தளத்தில் அப்பாவின் சேவை விவரத்தில் சேர்ந்த தேதி என்ன என்றும் பாருங்கள். அங்கேயும் 2003 நவம்பர் 10 இருந்தால் அது மில்லே பதிவு செய்த தேதி என்பதால் வாதம் அத்தோடு முடியும். பிந்திய தேதி இருந்தாலும் தளர வேண்டாம். பி.எஃப். சேர்த்த நாள் வேறு, வேலை தொடங்கிய நாள் வேறு, கிராஜுட்டிக்கு இரண்டாவதுதான்.

இருபத்து நாலாயிரமும் தாமத வட்டியும்

டிரஸ்ட்டிலிருந்து வந்தது 2,12,250. அதாவது 2,36,250-ல் கடன் பாக்கி 24,000-ஐப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளத்தில் முன்பணம் பிடிப்பது வேறு, கிராஜுட்டியில் கை வைப்பது வேறு. பணிக்கொடைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, தொழிலாளியின் வேண்டுமென்றே செய்த செயலால் அல்லது அலட்சியத்தால் நிறுவனச் சொத்துக்குச் சேதம் வந்து, அதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டால், சேதத்தின் அளவுக்குப் பிடித்தம் செய்ய இடம் தருகிறது. வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கும் பிடிக்கலாம். வயது முடிந்து மரியாதையாக வெளியே வந்தவரின் கடன் பாக்கிக்கு அதில் இடமில்லை. நீதிமன்ற ஜப்தியிலிருந்தே கிராஜுட்டிக்குப் பாதுகாப்புத் தருகிறது பதின்மூன்றாம் பிரிவு.

ஆனாலும் இதில் என் யோசனை கொஞ்சம் நிதானமானது. கடன் வாங்கியது உண்மை என்றால் அதைக் கட்டத்தான் வேண்டும். கிராஜுட்டியில் பிடிக்கக்கூடாது என்று வென்றாலும், அதே 24,000-ஐக் கேட்டு மில் தனியாக வழக்குப் போடலாம். கடன் வாங்கிய அன்று "ஓய்வின்போது வரும் தொகையில் பிடித்துக்கொள்ளச் சம்மதம்" என்று அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் பேச இடம் வரும். அதனால் முதலில் கடன் கணக்கின் நகலைக் கேளுங்கள்: எவ்வளவு வாங்கினார், மாதாமாதம் எவ்வளவு பிடித்தார்கள், மே மாதம் பாக்கி எவ்வளவு. அந்த 24,000 சரியாக இருந்தால் இதை முன்னால் நிறுத்திச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. சம்பளச் சீட்டுகளில் பிடித்த தவணைகள் கடன் கணக்கில் வரவாகவில்லை என்று தெரிந்தால் மட்டும் விடாதீர்கள்.

தாமத வட்டியில் இப்படித் தயங்க வேண்டியதில்லை. கிராஜுட்டி உரிமையான நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். ஜூன் முடிவுக்குள் வந்திருக்க வேண்டியது ஆகஸ்ட் 25-ல் வந்திருக்கிறது. இங்கே பலரும் 30 நாள் கழித்தே வட்டி தொடங்கும் என்று நினைக்கிறார்கள். ஏழாம் பிரிவில் உள்ளது அப்படியல்ல. 30 நாளுக்குள் கொடுத்தால் வட்டி இல்லை; தவறினால், உரிமையான நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 10 சதவீதம், தனிவட்டி. மே 31-லிருந்து ஆகஸ்ட் 25 வரை 86 நாள். 2,47,500-க்கு 86 நாள் வட்டி ஏறத்தாழ 5,831 ரூபாய். குறைத்துக் கொடுத்த 11,250-க்கு அதன் பிறகும் நாளுக்கு மூன்று ரூபாய் வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. தாமதம் தொழிலாளியின் தவறால் ஏற்பட்டு, அதற்காக அதிகாரியிடம் மில் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் மட்டுமே இந்த வட்டி இல்லாமல் போகும். "டிரஸ்ட்டில் பணம் வர நேரமாகிவிட்டது" என்பது மில்லின் சொந்த விஷயம்.

எழுதிக் கேட்பதற்கு நீண்ட கடிதம் வேண்டாம். சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, கடைசிச் சம்பளம், 22 ஆண்டுக்கான கணக்கு, வந்த தொகை, வந்த தேதி, யூடிஆர் எண், குறை 11,250, வட்டி 5,831, கடன் கணக்கு நகல் வேண்டும் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். அப்பா கையெழுத்துப் போட்டு, பட்டுவாடாச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும். இதைப் புகாராக எழுத வேண்டியதில்லை, கணக்குத் திருத்தக் கோரிக்கையாக எழுதுங்கள். அப்பாவின் சங்கடமும் அதில் குறையும். மில் மேல் அவருக்கு உள்ள நன்றி அப்படியே இருக்கலாம், மூன்று வாரம் வேலை பார்த்த கூலியைக் கேட்பது அந்த நன்றியைக் கெடுக்காது.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மதுரையில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், பணிக்கொடைக்கான கட்டுப்பாட்டு அதிகாரி முன் படிவம் என் என்ற விண்ணப்பம் கொடுக்கலாம். மில்லுக்கு வேறு மாநிலத்தில் கிளை இருந்தால் மாநில அதிகாரி இல்லை, மத்திய அரசின் தொழிலாளர் அதிகாரிதான். அதை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த விண்ணப்பத்துக்கு 90 நாள் கெடு உண்டு. பணம் குறைவாக வந்த ஆகஸ்ட் 25-லிருந்து எண்ணினால்கூட நவம்பர் 23-ல் அது முடிந்துவிட்டது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து ஏற்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. சீட்டில் சேவை ஆண்டு எத்தனை என்றே எழுதப்படவில்லை, தொகையை வகுத்துப் பார்த்த பிறகே தெரிந்தது என்பது நேர்மையான காரணம். ஆனால் இனி ஒரு மாதத்தைக்கூடச் சும்மா விடாதீர்கள்.

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் செக்கோ பணமோ தருவதற்கு முன்பே அதை வாங்கிவிடுவார்கள். அதனால் கைவிட வேண்டியதில்லை. சட்டம் தரும் கிராஜுட்டியைக் குறைக்கும் எந்த ஒப்பந்தத்தையும் விட அந்தச் சட்டமே மேல் என்று அதன் பதினான்காம் பிரிவு சொல்கிறது.

அந்த 2,340

வங்கி வரவை மட்டும் பார்த்தால் பி.எஃப். நேராகிவிட்டது போலத் தெரியும். 22,990 அதிகமாக வந்திருக்கிறதே என்று மகிழ்ந்து விட்டுவிடுவோம். அந்த 22,990-ஐயும் உடைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்படும். அதனால் மார்ச் 31 இருப்பில் பிப்ரவரிச் சம்பளச் சந்தா வரைதான் இருக்கும். மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதச் சந்தா அதற்குப் பிறகு ஏறியிருக்க வேண்டும். மாதத்துக்கு 2,340 உடன் 1,090, ஆக 3,430; மூன்று மாதத்துக்கு 10,290. வட்டி 8.25 சதவீதம் என்று எடுத்தால், 5,82,260-க்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 16,012. புதிய சந்தாவுக்கு, அது ஏறிய மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து வட்டி; மூன்று மாதச் சந்தாவுக்கும் சேர்த்து 141 ரூபாய். எல்லாம் கூட்டினால் 6,08,700-ஐ ஒட்டி வர வேண்டும். வந்தது 6,05,250. குறைவு 3,450 சொச்சம். இந்த அளவு வித்தியாசம் வட்டிச் சில்லறையில் வராது. ஒரு மாதச் சந்தாவும் அதன் ஒரு மாத வட்டியும்தான் இது.

பாஸ்புக்கைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள் (passbook.epfindia.gov.in). மார்ச் சம்பள வரி இருக்கிறது, ஏப்ரல் இருக்கிறது, மே இல்லை. சீட்டிலோ மே சம்பளத்தில் 2,340 பிடித்திருக்கிறார்கள். பிடித்த பணம் கட்டப்படவில்லை. செட்டில்மென்ட் சீட்டில் பிடித்தம் பக்கம் உள்ள ஒவ்வொரு பி.எஃப். வரிக்கும் பாஸ்புக்கில் ஒரு வரவு வரி இருந்தே ஆக வேண்டும். அந்த ஒப்பீட்டை வங்கி ஸ்டேட்மென்ட் செய்து தராது.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மில் அந்த மாதம் யாருக்குமே கட்டாமல் இருந்திருக்கலாம். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவரின் பாஸ்புக்கில் மே வரி இருக்கிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு இருந்து அப்பாவுக்கு மட்டும் இல்லையென்றால், வேலையை விட்ட தேதியைத் தவறாகப் பதிந்திருப்பார்கள். மே 31-க்குப் பதில் ஏப்ரல் 30 என்று பதிந்துவிட்டால், மே மாதப் பட்டியலில் அப்பா பெயரைச் சேர்க்க முடியாமல் போகும். சேவை விவரத்தில் வேலையை விட்ட தேதியைப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும். அது 3,430 ரூபாயோடு நிற்காது, ஓய்வூதியச் சேவையிலும் ஒரு மாதம் குறையும்.

இதை மில்லுக்கு எழுதும் அதே கடிதத்தில் தனிப் பத்தியாகச் சேருங்கள். மில் அசையாவிட்டால் epfigms.gov.in தளத்தில் அப்பாவின் யுஏஎன் எண்ணோடு குறை பதியலாம். அல்லது சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரிச் சாலையில் உள்ள மதுரை வைப்பு நிதி அலுவலகத்துக்கு மே சம்பளச் சீட்டு, செட்டில்மென்ட் சீட்டு, பாஸ்புக் நகல்களோடு நேரில் போகலாம். டைம் ஆபீஸில் உங்களைப் பி.எஃப். ஆபீஸுக்குப் போகச் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொருந்தும், அங்கே நீங்கள் கேட்கப்போகும் கேள்வி மில்லைப் பற்றியது என்றாலும். கிராஜுட்டியை அங்கே பேசிப் பயனில்லை, அது அவர்கள் கையில் இல்லை.

மே வரி பாஸ்புக்கில் ஏறிவிட்டது என்பதாலேயே பணம் வங்கிக்கு வந்துவிடாது. கணக்கை ஏற்கெனவே தீர்த்துவிட்டதால் அந்த 3,430 அங்கேயே கிடக்கும். வரி ஏறியதைப் பார்த்த பிறகு அந்த மீதிக்காகப் படிவம் 19-ஐ இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.